முதலமடை மாம்பழத்தில் சோர்பே: சர்க்கரையைப் பழத்திடம் கேட்டுப் போடுவது

பால் இல்லாமல், பழக்கூழும் சர்க்கரையும் தண்ணீரும் மட்டும் வைத்துச் செய்யும் ஐஸ் இது. கரண்டியால் வழித்தால் சுருண்டு வர வேண்டும். வீட்டில் செய்பவர்களுக்குப் பெரும்பாலும் செங்கல் மாதிரிதான் கிடைக்கிறது. இல்லையென்றால் இரண்டு நாள் ஃப்ரீசரில் இருந்தும் உறையாத பாகாக நிற்கிறது. இரண்டுக்கும் காரணம் சர்க்கரை அளவுதான். குறிப்புகளில் 'ஒரு கிலோ கூழுக்கு இருநூறு கிராம் சர்க்கரை' என்று எழுதியிருப்பார்கள். எந்தப் பழம், எந்த மாதத்துப் பழம் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். அங்கேதான் சிக்கல்.

எங்கள் வீடு கொழிஞ்சாம்பாறை பக்கம். இங்கிருந்து முதலமடை கிட்டத்தில்தான். நெல்லியாம்பதி மலையடிவாரத்து வெயிலில் ஜனவரி, பிப்ரவரியிலேயே மாங்காய் இறங்கத் தொடங்கிவிடும். நாட்டிலேயே முதலில் சந்தைக்குப் போகும் மாம்பழங்களில் இதுவும் ஒன்று. வடக்கே போகிற பெட்டிகளில் தோலில் கருப்புப் புள்ளி விழுந்ததையோ காம்பு ஒடிந்ததையோ அடுக்க மாட்டார்கள். அப்படிக் கழித்த பழம் பேக்கிங் ஷெட்டில் மலிவாகக் கிடைக்கும். உள்ளே சதைக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பிப்ரவரியில் செந்தூரம், ஏப்ரலில் பங்கனப்பள்ளி, நடுவில் கொஞ்சம் கிளிமூக்கு என்று சீசன் முழுக்க இந்தக் கழிவுப் பழத்தில்தான் என் ஐஸ் வேலை நடக்கிறது.

சீசன் தொடக்கத்துப் பழமும் கோடை உச்சத்துப் பழமும் இனிப்பில் ஒன்றல்ல. பிப்ரவரிச் செந்தூரத்தின் கூழை அளந்தால் 13 பிரிக்ஸ் காட்டும். ஏப்ரலில் மரத்திலேயே நன்கு முற்றி, வைக்கோலில் பழுத்து, அறையெல்லாம் மணக்கிற பங்கனப்பள்ளி 18 காட்டும். பிரிக்ஸ் என்பது நூறு கிராம் சாற்றில் எத்தனை கிராம் சர்க்கரை கரைந்திருக்கிறது என்ற கணக்கு. சரியாகச் சொன்னால் புளிப்பு அமிலம், உப்பு என்று கரைந்திருக்கிற மற்றவையும் அதில் சேரும். மாம்பழத்தில் அவை கொஞ்சம்தான், அதனால் சர்க்கரை என்றே வைத்துக்கொள்ளலாம். ஆக ஒரு கிலோ செந்தூரக் கூழில் 130 கிராம், ஒரு கிலோ பங்கனப்பள்ளிக் கூழில் 180 கிராம் ஏற்கெனவே இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே அளவு சர்க்கரையைக் கொட்டினால் ஒன்றாவது கோணும்.

சர்க்கரை ஏன் ஐஸை மென்மையாக்குகிறது என்று தெரிந்துகொண்டால் கணக்கு தானே விளங்கும். தண்ணீர் உறையும்போது சுத்தமான தண்ணீர் மட்டும்தான் ஐஸாகிறது. சர்க்கரை அதற்குள் போகாது, மிச்சமிருக்கும் திரவத்தில் ஒதுங்கி நிற்கும். ஐஸ் கூடக் கூட அந்த மிச்சத் திரவம் அடர்ந்துகொண்டே போகும். அடர்ந்த பாகு உறைய இன்னும் குளிர் வேண்டும். இப்படியே போய் மைனஸ் 18 டிகிரியில் அந்தப் பாகில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரையாகிவிடும். அங்கே நடைமுறையில் உறைதல் நின்றுவிடும். கலவையில் நூற்றுக்கு 28 சர்க்கரை இருந்தால் ஏறக்குறைய 42 கிராம் உறையாத பாகு, 58 கிராம் ஐஸ். நூற்றுக்கு 15 மட்டும் இருந்தால் பாகு 23 கிராம்தான், ஐஸ் 77. கரண்டி இறங்குவது அந்தப் பாகால்தான். ஐஸ் துகள்களுக்கு நடுவே அது இருந்தால் துகள்கள் நழுவும்; இல்லாவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக் கல்லாகும்.

கரண்டியில் வழிக்கிற சோர்பேவுக்கு மொத்தச் சர்க்கரை நூற்றுக்கு 25 முதல் 30 வரை இருக்க வேண்டும். நான் மாம்பழத்துக்கு 28 வைக்கிறேன். குச்சி ஐஸுக்கு இது ஆகாது, அதற்கு 15 முதல் 18. அதைப் பிறகு சொல்கிறேன்.

அளக்கக் கையடக்க ரிஃப்ராக்டோமீட்டர் போதும். திராட்சைத் தோட்டக்காரர்களும் கரும்பு ஆலைக்காரர்களும் வைத்திருக்கும் அதே குழாய்தான். வாங்கும்போது 0 முதல் 32 வரை காட்டுவதாகப் பார்த்து வாங்குங்கள். தேனுக்கென்று 58 முதல் 90 வரை காட்டும் ஒன்றும் அதே தோற்றத்தில் விற்கிறது, நமக்கு அது உதவாது. முதலில் டிஸ்டில்டு வாட்டர் ஒரு சொட்டு வைத்துச் சுழியத்தில் நிறுத்த வேண்டும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்ற வாங்கி வைத்ததே போதும். அப்புறம் கூழ். மாம்பழக் கூழை அப்படியே கண்ணாடி மேல் தேய்த்தால் நாரும் சதையும் வெளிச்சத்தை மறைத்து நீலக்கோடு மங்கலாகத் தெரியும். ஒரு ஸ்பூன் கூழை மெல்லிய துணியில் வைத்துப் பிழிந்து, வரும் சாற்றில் ஒரு சொட்டு வைத்தால் கோடு கூர்மையாக நிற்கும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் அளக்காமல் அறை வெப்பத்துக்கு வந்த பிறகு அளப்பது நல்லது.

கருவி இல்லாதவர்கள் முட்டையை மிதக்கவிட்டுப் பார்க்கும் பழைய வழி ஒன்று உண்டு. கழுவிய புது முட்டையைக் கலவையில் விட்டால், சரியான அளவில் அதன் மேல் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஓடு வெளியே தெரியும். நீர்த்த சாறுக்கு இது ஓரளவு சொல்லும். மாம்பழக் கூழ் தடிமனாக இருப்பதால் முட்டை விட்ட இடத்திலேயே நிற்கும், ஒன்றும் தெரியாது. பழைய முட்டை எதிலும் மிதக்கும். மாம்பழத்துக்கு இதை நம்ப வேண்டாம்.

இனி ஏப்ரல் பங்கனப்பள்ளியில் செய்த ஒரு ஈட்டை முழுதாகச் சொல்கிறேன். தோலும் கொட்டையும் நீக்கி, மிக்ஸியில் அடித்து, சல்லடையில் வடித்த கூழ் ஒரு கிலோ. பிரிக்ஸ் 18. இதோடு 150 கிராம் தண்ணீரும் 30 கிராம் எலுமிச்சைச் சாறும். தண்ணீர் எதற்கென்றால், வெறும் கூழில் செய்தால் வாயில் மாவு மாதிரி கனக்கும். எலுமிச்சை இல்லாவிட்டால் 28 சர்க்கரை திகட்டும். ஆக சர்க்கரை போடுமுன் எடை 1180 கிராம், அதில் பழத்தின் சர்க்கரை 180. போட வேண்டியதைக் கண்டுபிடிக்கும் கணக்கு இது:

```
போட வேண்டிய சர்க்கரை = (சர்க்கரை போடுமுன் எடை × 0.28 − பழத்தின் சர்க்கரை) ÷ 0.72

(1180 × 0.28 − 180) ÷ 0.72 = 209 கிராம்
```

0.72 எங்கிருந்து வந்தது என்றால், போடுகிற சர்க்கரையும் எடையைக் கூட்டுகிறது அல்லவா, அதைச் சரிக்கட்ட ஒன்றிலிருந்து 0.28 கழித்தது. வேறு இலக்கு வைத்தால் இரண்டு எண்ணையும் மாற்ற வேண்டும். 209 என்பதை 210 ஆக வைத்துக்கொண்டேன். முடிவில் 1390 கிராம் கலவை, சர்க்கரை 390, அதாவது நூற்றுக்கு 28.

இதே 180 கிராம் தண்ணீரும் எலுமிச்சையும் சேர்த்துப் பிப்ரவரிச் செந்தூரத்துக்குக் கணக்குப் போட்டால் 278 கிராம் வரும். எழுபது கிராம் வித்தியாசம்! செந்தூரத்துக்கும் 210 போட்டு நிறுத்தியிருந்தால் சர்க்கரை இருபத்து நாலரைக்கு இறங்கி, நூறு கிராமில் ஐஸ் அறுபத்து மூன்றுக்கு ஏறியிருக்கும். அந்த டப்பாவை வெளியே பதினைந்து நிமிடம் வைத்தால்தான் கரண்டி இறங்கும். அதற்குள் ஓரம் உருகிவிடும், நடு கல்லாகவே இருக்கும்.

சர்க்கரையைக் கூழில் அப்படியே கொட்டக் கூடாது. 150 கிராம் தண்ணீரில் சர்க்கரையைப் போட்டு, கரையும் வரை மட்டும் சூடாக்கி, முழுக்க ஆறவிட்டு, பிறகு கூழில் கலக்க வேண்டும். பாகுப் பதமெல்லாம் வேண்டாம், கம்பிப் பதம் வரை விட்டால் தண்ணீர் ஆவியாகிக் கணக்கு மாறும். கூழை அடுப்பில் ஏற்றவே கூடாது, ஜாம் மணம் வந்துவிடும். கலந்த பிறகு மறுபடி ஒரு சொட்டு அளந்து பாருங்கள். 27க்கும் 29க்கும் நடுவே நின்றால் சரி. குறைவாகக் காட்டினால் உடனே சர்க்கரை சேர்க்காதீர்கள். அடியில் கரையாமல் தங்கியிருக்கலாம். கிளறி, கொஞ்ச நேரம் விட்டு, இன்னொரு முறை அளந்து பாருங்கள்.

நாக்கில் வைத்தால் இந்தக் கலவை திகட்டுகிற அளவுக்கு இனிக்கும். பக்கத்து வீட்டு அக்கா ஒரு ஸ்பூன் எடுத்துவிட்டு, "இது பாயசமா, ஐஸா? பாதி சர்க்கரையை எடுத்துடு" என்றார். மறுநாள் உறைந்ததைக் கொடுத்தபோது, "நேத்துக் குடுத்தது வேற, இது வேறதானே?" என்று கேட்டார். குளிர் நாக்கின் இனிப்பு உணர்வை மழுக்கிவிடும். அறை வெப்பத்தில் சரியாக இருப்பது ஃப்ரீசரிலிருந்து வரும்போது சப்பென்றிருக்கும்.

ஆனாலும் 28க்கு மேல் இனிப்பு வேண்டாம், ஐஸ் மட்டும் இன்னும் கொஞ்சம் மென்மையாக வேண்டும் என்றால் குளுக்கோஸ் உதவும். மெடிக்கல் ஷாப்பில் விற்கும், மணம் சேர்க்காத வெள்ளைக் குளுக்கோஸ் பவுடர்தான். கிராமுக்குக் கிராம் பார்த்தால், சாதாரணச் சர்க்கரையைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு உறைநிலையை இறக்கும். இனிப்போ முக்கால் பங்குதான். 210 கிராமில் 60 கிராமைக் குளுக்கோஸாக மாற்றினேன்: 150 சர்க்கரை, 60 குளுக்கோஸ். ஃப்ரீசரிலிருந்து எடுத்தவுடன் கரண்டி இறங்கியது, இனிப்பும் ஒரு படி இறங்கியது. போடுகிற சர்க்கரையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மாற்ற வேண்டாம். மாற்றினால் ஐஸ் நிற்கும் திடம் போய், தட்டில் வைத்த உடனே சரிந்துவிடும்.

சர்க்கரை சரியாக இருந்தாலும் உறையவைக்கும் விதம் கோணினால் மணல் மாதிரி நறநறக்கும். கலவையை முதலில் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் நன்றாகக் குளிரவிட வேண்டும். பிறகு அகலமான எவர்சில்வர் தட்டில் இரண்டு விரல் உயரத்துக்கு மிகாமல் ஊற்றி ஃப்ரீசரில் வைக்க வேண்டும். ஆழமான டப்பாவில் ஊற்றினால் நடு உறைய வெகுநேரமாகும். மெதுவாக உறைந்தால் ஐஸ் துகள் பெரிதாக வளரும். பலகையாக உறைந்ததும் கத்தியால் சிறு கட்டிகளாக வெட்டி, மிக்ஸியின் பெரிய ஜாரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு விட்டு விட்டு ஓட்டுங்கள். ஜாரையும் ஃப்ரீசரில் வைத்துக் குளிரவைத்துக்கொள்ள வேண்டும். முதலில் பொடிப்பொடியாக உதிரும், பிறகு திடீரென்று ஒன்றாகத் திரண்டு, அரைத்த தேங்காய்ச் சட்னி மாதிரி வழவழவென்று சுழலும். அங்கே நிறுத்துங்கள். இன்னும் ஓட்டினால் பிளேடின் சூட்டில் உருகும், உருகியது மறுபடி உறையும்போது பெரிய துகளாகத்தான் உறையும். உடனே டப்பாவில் அழுத்தி நிரப்பி, மேற்பரப்பில் ஒட்டுமாறு பிளாஸ்டிக் தாள் விரித்து, மூடி, ஓர் இரவு வையுங்கள்.

உங்கள் ஃப்ரீசர் உண்மையில் எத்தனை டிகிரி என்றும் பார்க்க வேண்டும். மைனஸ் 18 என்று நாம் பேசுவது இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜுக்குப் பொருந்தும். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் மேல்பெட்டி பல வீடுகளில் அவ்வளவு இறங்காது, அதுவும் கோடையில் அடிக்கடி திறந்து மூடினால் சொல்லவே வேண்டாம். அங்கே 28 போட்டால் குழைவாகத்தான் நிற்கும், 25 சரியாக வரும். டப்பாவின் நடுவே தெர்மாமீட்டர் குத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். என் அண்ணி வீட்டில் ஒற்றைக் கதவுதான். அவர்களுக்குச் செய்யும்போது குளுக்கோஸ் சேர்ப்பதே இல்லை.

குச்சி ஐஸுக்குக் கணக்கு தலைகீழ். குச்சியைப் பிடித்து இழுத்தால் ஐஸ் அதோடு வர வேண்டும், கையில் வழியக் கூடாது. அதற்கு ஐஸ் நிறையவும் பாகு குறைவாகவும் வேண்டும். சோர்பே கலவையை அச்சில் ஊற்றினால் குச்சி மட்டும் உருவிக்கொண்டு வரும். அதே 18 பிரிக்ஸ் பங்கனப்பள்ளிக் கூழ் ஒரு கிலோ, தண்ணீரும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து 250 கிராம், இலக்கு நூற்றுக்கு 17 என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்: நாற்பது கிராம் சர்க்கரை போதும். பழத்தின் இனிப்பே பெரும்பாலும் வேலையை முடித்துவிடுகிறது. 12க்குக் கீழே போனாலும் தொல்லை. உறிஞ்சினால் நிறமும் இனிப்பும் முதலிலேயே வந்துவிட்டு, வெறும் வெள்ளை ஐஸ் குச்சியில் நிற்கும், பள்ளிக்கூட வாசலில் வாங்கித் தின்ற எல்லோருக்கும் தெரிந்த ஐஸ் அது. கூழாக இருக்கிற பழத்தில் இது குறைவு, ஏனென்றால் நாரும் பெக்டினும் பாகைப் பிடித்து வைக்கும்.

கிளிமூக்குக்கு இனிப்பு குறைவு, புளிப்பு கொஞ்சம் தூக்கலாக இருக்கும். அதைக் குச்சி ஐஸாகவே செய்கிறேன். 16 பிரிக்ஸில் நிறுத்தி, ஒரு கிலோவுக்கு கால் டீஸ்பூன் உப்பும் ஒரு சிட்டிகை மிளகாய்த் தூளும். உப்பும் உறைநிலையை இறக்கும் என்பதால் கை தாராளமாகப் போகக் கூடாது. அச்சிலிருந்து எடுக்கச் சாதாரணத் தண்ணீரில் பத்து எண்ணும் வரை முக்கினால் போதும். சுடுதண்ணீர் பக்கங்களைக் கரைத்து, குச்சியைத் தளர்த்திவிடும்.

நீர்த்த சாறு வேறு கதை. நெல்லியாம்பதிப் பக்கம் கிடைக்கும் பேஷன் ஃப்ரூட்டின் சாறில் சதையே கிடையாது, புளிப்போ கண்ணைச் சுருக்க வைக்கும். ரிஃப்ராக்டோமீட்டர் 14 காட்டினாலும் அதில் மூன்று நான்கு அந்தப் புளிப்பு அமிலம்தான், சர்க்கரையல்ல. 300 கிராம் சாறும் 450 கிராம் தண்ணீரும் என்றால், சாற்றின் சர்க்கரையை நூற்றுக்கு 10 என்று வைத்து, 28க்கு 250 கிராம் சர்க்கரை கணக்கு வரும். அவ்வளவு போட்டும் மாம்பழம் போல வழவழக்காது, ஏனென்றால் தண்ணீரைப் பிடித்து வைக்க நார் இல்லை. பாலக்காட்டு பேக்கரிச் சாமான் கடையில் கிடைக்கும் லிக்விட் குளுக்கோஸை 60 கிராம் அளவுக்கு, அவ்வளவு சர்க்கரையைக் குறைத்துவிட்டுச் சேர்த்தால் கனம் வரும், துகளும் சிறுத்திருக்கும். இந்த லிக்விட் குளுக்கோஸ் பவுடர் மாதிரி உறைநிலையை அதிகம் இறக்காது. இரண்டும் ஒன்று என்று நினைத்து மாற்றிப் போட்டுவிட வேண்டாம்.

டப்பாவைத் திறந்ததும் எந்தப் பக்கம் கோணியிருக்கிறது என்று கண்ணிலேயே தெரியும். கரண்டி வழுக்கி, சீவல் சீவலாக வெள்ளைத் தூள் உதிர்ந்தால் சர்க்கரை குறைவு. அடியில் பாகு தேங்கி, மேலே மட்டும் உறைந்து, எடுத்தால் இழுபட்டு வந்தால் அதிகம். எதுவானாலும் கொட்ட வேண்டியதில்லை. முழுக்க உருக்கி, கிளறி, பிரிக்ஸ் அளந்து, குறைந்தால் சர்க்கரைப் பாகும் அதிகமானால் கூழோ தண்ணீரோ சேர்த்து, மறுபடி தட்டில் ஊற்றலாம். மணம் சற்றுக் குறையும், அவ்வளவுதான். ஆனால் கரண்ட் போய் டப்பாவிலேயே பாதி இளகி, திரும்ப உறைந்ததை அப்படியே பரிமாறாதீர்கள், துகள் பெருத்து நறநறக்கும். சில்லென்று இளகிய நிலையிலேயே இருந்திருந்தால் வெட்டி மிக்ஸியில் ஓட்டிவிடலாம். முழுதாக உருகி அறைச் சூட்டில் வெகுநேரம் கிடந்தது என்றால் கீழே ஊற்றிவிடுங்கள்.